முதல் வாக்கியம் தரும் வாக்கு: ‘பொன்னியின் செல்வன்’ தொடக்கத்தை நின்று படித்தல்

கோட்டூர்புரம் வாசகர்

எங்கள் குடியிருப்பில் பத்துப் பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாவல் படிக்கிறோம். இம்முறை ‘பொன்னியின் செல்வன்’ எடுத்திருக்கிறோம். முதல் நாளே ஒரு சிறு வாக்குவாதம் வந்தது. நண்பர் ஒருவர், “முதல் வாக்கியம் வெறும் அழைப்பிதழ். கதை ஏரிக்கரையில்தான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் உள்ளதைத் தாண்டிப் போய்விடலாம்” என்றார். எனக்கு அது மனம் ஒப்பவில்லை. அந்த வாக்கியம் இது:

“ஆதி அந்தமில்லாத கால வெள்ளத்தில் கற்பனை ஓடத்தில் ஏறி நம்முடன் சிறிது நேரம் பிரயாணம் செய்யுமாறு நேயர்களை அழைக்கிறோம்.”

இதை நான் ஒரு வாக்குறுதியாகப் படிக்கிறேன். வழிகாட்டி ஒருவர் கூடவே வருவார், அவர் காட்டுவது கற்பனை, பயணம் முடிந்ததும் நாம் வீடு திரும்புவோம் என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. ஆனால் நாவலை ஏற்கெனவே படித்து முடித்தவன் என்பதால்தான் எனக்கு இப்படித் தோன்றுகிறதா, அல்லது வாக்கியத்திலேயே இவை இருக்கின்றனவா என்பதில் எனக்குத் தெளிவில்லை. ஒரு நாவலின் முதல் வாக்கியத்தை எப்படி நின்று படிப்பது என்று அறிந்தவர்கள், இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே சொன்னால் நன்றாக இருக்கும்.

அயனாவரம் எழுத்து

வணக்கம் ஐயா. நான் என் முதல் நாவலை எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் வாக்கியத்தை மட்டும் ஏழு முறை மாற்றிவிட்டேன். இப்போது ஒரு கொலையில் தொடங்குகிறது. முதல் வரியிலேயே வாசகரை உலுக்க வேண்டும் என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். புத்தகக் காட்சியில் ஒருவர் நூலைக் கையில் எடுத்தால் முதல் பக்கத்தைத்தானே புரட்டுகிறார்? என் வாக்கியம் உலுக்குகிறதா என்று பார்த்துச் சொல்ல முடியுமா?

கோட்டூர்புரம் வாசகர்

தம்பி, எழுதுவது எப்படி என்பதை நான் கேட்கவில்லை. எழுதப்பட்டதைப் படிப்பது எப்படி என்பதுதான் என் கேள்வி. உங்கள் வாக்கியத்துக்குத் தனி இழை தொடங்குங்கள், நிச்சயம் வந்து படிக்கிறேன். ஆனாலும் இங்கேயே இருங்கள், இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கும் என்றே நினைக்கிறேன்.

மக்கோந்தோவாசி

நல்ல முதல் வாக்கியம் என்றால் நாவலின் முடிவையே தனக்குள் வைத்திருக்கும் என்பது என் கருத்து. கார்சியா மார்க்கேஸின் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ சிறந்த சான்று. பல ஆண்டுகளுக்குப் பின், துப்பாக்கி ஏந்திய படையினர் முன் நிற்கும்போது, கர்னல் அவுரேலியானோ புயெந்தியா, தன் தந்தை தன்னைப் பனிக்கட்டி காட்ட அழைத்துச் சென்ற அந்தப் பழைய பிற்பகலை நினைத்துக்கொள்வார் என்று அது தொடங்குகிறது. கர்னல் சுட்டுக் கொல்லப்படப் போகிறார் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது. கல்கியின் வாக்கியத்தில் அப்படி என்ன தெரிகிறது? யார் பெயரும் இல்லை, எந்த நிகழ்ச்சியும் இல்லை. ஆகவே கோட்டூர்புரம் நண்பரின் நண்பர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

பிழைதிருத்தி

பதிப்பகங்களுக்குப் பிழை திருத்தி இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. ஒரே முதல் பக்கத்தை நான்கைந்து தடவை படிப்பதே என் தொழில் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

மக்கோந்தோவாசி அவர்களே, நீங்கள் எடுத்துக்காட்டிய வாக்கியம் சரி. அதிலிருந்து நீங்கள் பெற்ற செய்தி சரியில்லை. கர்னல் படையினர் முன் நிறுத்தப்படுகிறார், ஆனால் சுடப்படுவதில்லை. அவருடைய அண்ணன் துப்பாக்கியுடன் வந்து காப்பாற்றிவிடுகிறார். கர்னல் பல ஆண்டுகள் கழித்து, முதியவராக, வீட்டு முற்றத்து மரத்தடியில் இறக்கிறார். வாக்கியத்தை மறுபடி பாருங்கள்: படையினர் முன் நிற்பார் என்றும் நினைத்துக்கொள்வார் என்றும் மட்டுமே இருக்கிறது, இறப்பார் என்று எங்குமே இல்லை. இறப்பை நாமாகச் சேர்த்துக்கொண்டோம். நாம் அப்படிச் சேர்த்துக்கொள்வோம் என்று ஆசிரியருக்குத் தெரியும். ஆக, முதல் வாக்கியம் சொல்வது வேறு, அதை வைத்து நாம் எதிர்பார்ப்பது வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே முதல் வேலை.

இனிக் கல்கிக்கு வருகிறேன். நான் செய்வது மிக எளிய ஒன்று. ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பேன். மற்ற எதையும் தொட மாட்டேன். எது கெட்டுப்போகிறது என்று பார்ப்பேன்.

‘கற்பனை ஓடத்தில்’ என்பதைச் ‘சரித்திர ஓடத்தில்’ என்று மாற்றிப் பாருங்கள். இலக்கணம் கெடவில்லை, ஓசையும் பெரிதாகக் கெடவில்லை. ஆனால் ஆசிரியரின் தலையில் ஒரு பெரிய கடன் ஏறிவிடுகிறது. சரித்திரத்தில் ஏற்றிச் செல்வதாகச் சொன்னவர் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் கல்வெட்டைக் காட்ட வேண்டியவர் ஆகிறார். கல்கியின் வாக்கியத்திலோ வெள்ளம் காலத்துடையது, ஓடம் கற்பனையுடையது. வெள்ளம் அவர் உண்டாக்கியதன்று, ஓடம் அவர் கட்டியது. இரண்டாயிரம் பக்கங்களுக்கு மேல் நீளும் ஒரு நாவலில் எது பெறப்பட்டது, எது புனையப்பட்டது என்ற பிரிவை ஆறாவது சொல்லுக்குள் அறிவித்துவிடுகிறார்.

அடுத்து, ‘சிறிது நேரம்’ என்பதை எடுத்துவிடுங்கள். அழைப்பு உடனே கனத்துப்போகிறது. ஆதியும் அந்தமும் இல்லாத வெள்ளத்தில் ஏறச் சொன்னால் யாருக்கும் அச்சம் வரும். ‘சிறிது நேரம்’ அந்த அச்சத்தைத் தணிக்கிறது. 1950இல் தொடங்கிய தொடர் 1954 வரை வந்தது என்பது வேறு செய்தி. அங்கே அளவுகோல் காலவெள்ளம்; அதன் முன் மூன்று நான்கு ஆண்டுகள் சிறிது நேரமே.

மூன்றாவது, வரிசை. தமிழில் வினை கடைசியில் வருவதால், முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை வாசகர் ஒரு கேள்வியோடு காத்திருக்க நேர்கிறது. இங்கே எல்லையற்ற காலம் முதலில் வருகிறது, பிறகு அதில் ஓர் ஓடம், பிறகு அதில் நமக்கு ஓர் இடம், பிறகு கொஞ்சம் நேரம், கடைசியில் ‘அழைக்கிறோம்’ என்ற மரியாதையான ஒரு செயல். அகன்று தொடங்கி, வாசலில் நின்று கைகூப்புவதில் முடிகிறது. ‘நேயர்களே, வாருங்கள்!’ என்று தலைகீழாகத் தொடங்கியிருந்தால் அது திருவிழாக் கடைக்காரரின் குரலாகியிருக்கும்.

இவை எதற்கும் முடிவு தெரிந்திருக்க வேண்டியதில்லை. வாக்கியத்தை மட்டும் வைத்துச் சொல்லக்கூடியவை இவை.

மக்கோந்தோவாசி

கர்னல் விஷயத்தில் தவறிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். பாதியில் நிறுத்திய நாவலைப் பற்றி முழுதாகப் பேசியிருக்கக் கூடாது. ஆனால் இப்போது என் ஐயம் வலுக்கிறது. சொல்லாததை நாமே சேர்த்துக்கொள்கிறோம் என்றால், கல்கியின் வாக்கியத்தில் நீங்கள் காணும் ‘கடன்’ மட்டும் நீங்கள் சேர்த்ததில்லையா?

கோட்டூர்புரம் வாசகர்

பிழைதிருத்தி அவர்களுக்கு மிக்க நன்றி. நீங்கள் தொடாத ஒரு சொல் எனக்குப் பட்டது: ‘நம்முடன்’. அழைப்பவர் ஒருவர், அழைக்கப்படுபவர் வேறொருவர் என்றால் ‘எங்களுடன்’ என்றல்லவா வர வேண்டும்? “எங்களோடு சாப்பிட வாருங்கள்” என்றுதான் விருந்தினரை அழைப்போம். ‘நாம்’ என்றால் கேட்பவரும் உள்ளே வந்துவிடுகிறார். நாம் இன்னும் சம்மதிக்கவில்லை, அதற்குள் ஓடத்தில் ஏற்றிவிட்டார்! அடுத்த வாக்கியத்தில் ‘செல்வோமாக’ என்கிறார். அதன் பின் நாவல் முழுவதும், இவரை இங்கே விட்டுவிட்டு நாம் அவரைத் தொடர்வோம் என்று ஆசிரியர் நம் கையைப் பிடித்துக்கொண்டே நடக்கிறார். அந்தக் குரல் முழுவதும் இந்த ஒரு சொல்லிலிருந்து கிளம்புகிறது என்று நினைக்கிறேன்.

தேனாம்பேட்டை ஆசிரியர்

ஓய்வு பெற்ற தமிழாசிரியர் நான். இந்தக் கவனிப்பு அழகானது. ஆயினும் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது. அக்காலப் பத்திரிகை ஆசிரியர்கள் தங்களை ‘நாம்’ என்றே குறித்துக்கொண்டார்கள். தலையங்கத்தில் “நாம் இதை வன்மையாகக் கண்டிக்கிறோம்” என்றால் வாசகரும் சேர்ந்து கண்டிக்கிறார் என்று பொருளில்லை. கல்கி தம் பெயரிலேயே நடந்த வார இதழின் ஆசிரியர். அவருடைய கை அந்த ‘நாம்’ என்பதற்குப் பழகியிருந்தது. ஆகவே ‘நம்முடன்’ என்பது இதழின் பழக்கமாகவும் இருக்கலாம்.

‘நேயர்’ என்ற சொல்லுக்கும் இதே கவனம் வேண்டும். இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் வானொலியும் தொலைக்காட்சியும்தான் நினைவுக்கு வருகின்றன. ‘வாசகர்’ என்று எழுதாமல் இப்படி எழுதியிருக்கிறாரே, இது கேட்கும் கதை என்று உணர்த்துகிறாரோ என்று என் மாணவி ஒருத்தி வெகு நுட்பமாக எழுதினாள். படிக்கும் அன்பர்களையும் அன்று ‘நேயர்’ என்றே அழைத்தார்கள் என்று அவளுக்குச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ‘பிரயாணம்’ என்பதும் அப்படியே. நமக்கு அது பழைய வாசனை தருகிறது, அன்று அது ரயில் சீட்டு வாங்குபவர் வாயில் புழங்கிய சொல். ஒரு முதல் வாக்கியத்தின் தொனியைச் சொல்லும் முன், அந்தச் சொற்கள் எழுதப்பட்ட ஆண்டில் என்ன எடை கொண்டிருந்தன என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால், நமக்கும் அந்த நூலுக்கும் இடையே உள்ள எழுபது ஆண்டு தூரத்தை அதன் தொனி என்று எடுத்துக்கொண்டுவிடுவோம்.

பிழைதிருத்தி

ஐயா சொல்வதை முழுவதும் ஏற்கிறேன், ஒன்றைத் தவிர. பழக்கத்தால் வந்த சொல்லும் வாசகரிடம் தன் வேலையைச் செய்யும். தலையங்கத்து ‘நாம்’ ஓடத்தில் ஏறாது. ‘நம்முடன் பிரயாணம்’ என்று அருகே ஒரு பயணம் வந்ததும், அந்தப் பழைய பத்திரிகைச் சொல் தன் இயல்பான பொருளுக்குத் திரும்பிவிடுகிறது. ‘செல்வோமாக’ அதை உறுதி செய்கிறது; அங்கே வாசகர் இல்லாமல் பொருளே நிற்காது.

பெரம்பூர் வாசகி

என் அனுபவத்தைச் சொல்லலாமா? நான் ஒன்பதாம் வகுப்பில் இந்த நாவலை முதன்முதலில் படித்தது ஒரு வாடகை நூலகப் பிரதியில். அதில் முதல் தாள் இல்லை. இரண்டாவது தாளின் மேல் விளிம்பில் பசை காய்ந்து மஞ்சளாக இருந்தது இன்னமும் நினைவிருக்கிறது. ஆகவே எனக்கு நாவல், ஏரிக்கரையில் குதிரைமேல் போகும் வந்தியத்தேவனோடு, ஆடிப்பெருக்குக் கூட்டத்தின் நடுவே தொடங்கியது.

அப்போது எனக்கு ஒரு விசித்திரமான தொந்தரவு இருந்தது. வந்தியத்தேவனோடு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது, திடீரென்று யாரோ ஒருவர் “நாம்” என்று பேசத் தொடங்குவார். யார் இவர், கதைக்குள் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்று ஒவ்வொரு தடவையும் திடுக்கிடுவேன். அவருக்கு ஒரு பெயர் இருக்கும், பிற்பாடு யாரென்று தெரியவரும் என்றுகூட எதிர்பார்த்தேன். ஆழ்வார்க்கடியான்தான் கதை சொல்கிறானோ என்று என் தங்கையிடம் சொல்லியிருக்கிறேன். கல்லூரி நூலகத்தில் முழுப் பிரதி கிடைத்து முதல் வாக்கியத்தைப் படித்தபோது, அட, இவர்தான் அவர் என்று புரிந்தது. வாசலிலேயே நின்று வரவேற்றிருக்கிறார். நான்தான் பக்கவாட்டில் ஏறிக் குதித்து உள்ளே போயிருக்கிறேன்.

அந்த வாக்கியத்தைத் தாண்டிப் போகலாம் என்று சொன்ன நண்பரிடம் இதைச் சொல்லுங்கள். தாண்டிப் போனவள் நான்.

கோட்டூர்புரம் வாசகர்

அம்மா, என் ஐயத்துக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது. முடிவு தெரிந்ததால் எனக்கு அப்படித் தோன்றுகிறதா என்று கேட்டேன். முதல் வாக்கியமே இல்லாமல் படித்த ஒருவருக்கு நாவலின் குரல் வேறாகக் கேட்டிருக்கிறது. ஞாயிறன்று இதை அப்படியே படித்துக் காட்டுகிறேன்.

அயனாவரம் எழுத்து

ஒதுங்கி இருந்து படித்துக்கொண்டிருந்தேன். ஒன்று கேட்க வேண்டும். அழைப்பு, வழிகாட்டி, இதமான குரல் எல்லாம் அந்தக் காலத்துத் தொடர்கதைக்குச் சரி. இன்று யாராவது அப்படித் தொடங்கினால் வாசகர் ஏற்பாரா? உலுக்காத முதல் வாக்கியம் வேறு விதத்தில் பிடித்து நிறுத்த முடியுமா?

பிழைதிருத்தி

தம்பி, சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ 1981இல் சென்னையிலிருந்து க்ரியா வெளியிட்ட நாவல். அதன் முதல் வாக்கியத்தைச் சரியாக எடுத்துப் படித்துப் பாருங்கள். நினைவிலிருந்து பொருளை மட்டும் சொல்கிறேன். ஜோசஃப் ஜேம்ஸ் என்பவர் 1960 ஜனவரி 5ஆம் தேதி, முப்பத்தொன்பது வயதில், ஆல்பெர் காம்யு விபத்தில் இறந்ததற்கு மறுநாள் இறந்துபோனார் என்கிறது அது.

இதிலும் ஒரு மரணம் இருக்கிறது, ஆனால் உலுக்கல் இல்லை. இரங்கல் குறிப்பின் குரலில் தேதியும் வயதும் மட்டும் வருகின்றன. காம்யு 1960 ஜனவரி 4 அன்று கார் விபத்தில் இறந்தது உண்மை. அந்த உண்மைத் தேதிக்கு அடுத்த நாளில், பிறக்கவே பிறக்காத ஒரு மலையாள எழுத்தாளரைக் கொண்டுபோய் வைக்கிறார் ஆசிரியர். கல்கி ‘இது கற்பனை ஓடம்’ என்று சொல்லி ஏற்றுகிறார். இவரோ கற்பனை என்ற சொல்லையே மறைத்து, ஆவணத்தின் சட்டையை அதற்குப் போட்டுவிடுகிறார். இனி வரப்போவது குறிப்புகளும் நாட்குறிப்புகளுமாக இருக்கும் என்பதற்கு அந்தச் சட்டையே சாட்சி. நாவலின் பின்பாதி ஜே.ஜே.யின் நாட்குறிப்பாகவே அமைகிறது.

அந்த வாக்கியத்திலிருந்து காம்யுவை எடுத்துவிட்டுப் பாருங்கள். தேதியும் வயதும் அப்படியே இருக்கும், ஒரு மனிதர் இறந்திருப்பார். ஆனால் அவரை எந்த வரிசையில் வைத்து எண்ண வேண்டும் என்பது போய்விடும். ஒரு தமிழ் நாவலின் முதல் வாக்கியத்தில் பிரெஞ்சு எழுத்தாளர் ஒருவரின் பெயர் விளக்கம் இல்லாமல் நிற்கிறது. அவரை அறிந்த வாசகரைத்தான் எதிர்பார்க்கிறேன், அறியாதவர் தேடிக்கொள்ளட்டும் என்பதும் அதில் கேட்கிறது. கல்கி எல்லாருக்கும் வாசலைத் திறந்தார். இங்கே வாசல் சற்றுக் குறுகியது. உங்கள் கொலையை வைத்துக்கொள்ளுங்கள், அதில் தவறில்லை. ஆனால் அதைச் சொல்லும் குரல் இருநூறாம் பக்கத்திலும் அதே குரலாக இருக்குமா என்று பாருங்கள். முதல் வாக்கியம் கத்தி, இரண்டாம் பக்கம் முதல் நாவல் மெதுவாகப் பேசினால், வாசகர் ஏமாந்ததாக உணர்வார். பிழை திருத்தும்போது இந்தக் குறையை நான் அடிக்கடி பார்க்கிறேன். முதல் பக்கம் மட்டும் வேறு மையில் எழுதியதுபோல் இருக்கும்.

மக்கோந்தோவாசி

என் கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை. ‘கற்பனை ஓடம்’ என்று சொன்னதால் கல்கிக்குக் கடன் குறைந்தது என்கிறீர்கள். நான் நேர் எதிராகச் சொல்கிறேன். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்பதை ஐயத்துக்கு இடமில்லாமல் நாவல் சொல்வதில்லை. சரித்திர ஆசிரியர் அப்படி நிறுத்தினால் சான்று போதவில்லை என்று ஏற்றுக்கொள்வேன். கற்பனையில் ஏற்றிச் செல்கிறேன் என்றவர் ஏன் நிறுத்த வேண்டும்? கற்பனைக்குச் சான்று தேவையில்லையே. ஓடம் அவருடையது, கரை வரை ஓட்டியிருக்கலாமே.

தேனாம்பேட்டை ஆசிரியர்

இது வலுவான கேள்வி. ஒரு செய்தியை மட்டும் சேர்க்கிறேன். கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைக் குறிப்பிடும் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு உடையார்குடியில், அதாவது காட்டுமன்னார்கோயிலில் இருக்கிறது. நாவல் தொடங்கும் வீரநாராயண ஏரியின், நமக்கெல்லாம் சென்னையில் குழாயில் தண்ணீர் தரும் அதே வீராணத்தின், பக்கத்து ஊர் அது. கல்வெட்டு பெயர்களைச் சொல்கிறது. யார் கை, யார் தூண்டுதல் என்பதைச் சொல்வதில்லை. அந்த இடைவெளியில் கல்கி தம் ஓடத்தை ஓட்டினார், இடைவெளியை அடைக்கவில்லை. வெள்ளம் காலத்துடையது என்று முதல் வாக்கியத்திலேயே சொன்னவர், வெள்ளம் மறைத்ததைத் தோண்டித் தர வேண்டிய கடமை இல்லாதவர் என்பது என் வாசிப்பு.

மக்கோந்தோவாசி

மதிக்கிறேன் ஐயா, ஆனால் எனக்கு அது போதவில்லை. பாத்திரங்கள் பின்னர் என்ன ஆனார்கள் என்று வாசகர்கள் கேட்டதற்கு அவரே முடிவுரையில் பதில் சொல்கிறார். அழைத்தவர் என்ற பொறுப்பு தமக்கு இருப்பதை உணர்ந்ததால்தானே அதைச் செய்தார்? அந்தப் பட்டியலில் இந்தக் கேள்விக்கும் ஓர் இடம் தந்திருக்கலாம்.

பிழைதிருத்தி

இதில் நான் இரண்டு பக்கமும் சாய்கிறேன். ‘கற்பனை’ என்ற சொல் உரிமையையும் தருகிறது, எதிர்பார்ப்பையும் எழுப்புகிறது. எது முந்தியது என்பதை அந்த வாக்கியத்தை வைத்து மட்டும் தீர்க்க எனக்கு வழி தெரியவில்லை.

வேறொன்று கேட்க வேண்டும். இரண்டாம் வாக்கியத்தில் ‘விநாடிக்கு ஒரு நூற்றாண்டு வீதம்’ கடந்து ‘இன்றைக்குத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டு’ ஆண்டுகளுக்கு முந்திய காலத்துக்குச் செல்வோமாக என்று வருகிறது. கணக்குப் போட்டால் பத்து விநாடிக்குள் பயணம் முடிந்துவிடும். ‘சிறிது நேரம்’ என்ற சொல்லுக்கு உடனே கிடைக்கும் முதல் பலன் அது. ஆனால் சில பதிப்புகளில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில், 1950இல் எழுதப்பட்டது என்று அடைப்புக்குறி போட்டிருக்கிறார்கள். வாசகருக்கு உதவி என்று நினைத்துத்தான் சேர்த்திருப்பார்கள். ஆனால் ‘இன்றைக்கு’ என்று சொல்லி ஓடத்தைத் தள்ளும் அந்த நொடியில், கரையிலிருந்து யாரோ கயிற்றைப் பிடித்து இழுப்பதுபோல் இருக்கிறது. தொடராக வந்த இதழின் பக்கம் யாரிடமாவது இருந்தால், அங்கே அந்த வரி எப்படி நிற்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பெரம்பூர் வாசகி

என் மாமியார் வீட்டில், மணியம் அவர்களின் ஓவியங்களோடு வாராவாரம் வந்த பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்த கட்டு ஒன்று இருக்கிறது. அவருடைய அம்மா செய்தது. உங்கள் கேள்வியைப் படித்ததும் பரணிலிருந்து இறக்கிப் பார்த்தேன். காலிகோ அட்டை நன்றாகவே இருக்கிறது, தையலும் விடவில்லை. ஆனால் முதல் இதழின் பக்கங்கள் அதிலும் இல்லை. நடு அத்தியாயம் ஒன்றில்தான் கட்டு தொடங்குகிறது. மேலே, வாரத் தேதிக்குப் பக்கத்தில், “முதல் நான்கு வாரம் சித்தி வாங்கிப் போனாள்” என்று பென்சிலில் எழுதியிருக்கிறார்கள். சித்தியின் பேத்தி திருவல்லிக்கேணியில் இருக்கிறார். சனிக்கிழமை போய்க் கேட்டு வருகிறேன்.